மார்ச் 10-க்கும் மார்ச் 25-க்கும் நடுவே

அவர் மேசைமேல் வைத்த கிரய ஒப்பந்தம் ஆறு பக்கம். யார் கொண்டுவந்தாலும் வக்கீலான நான் முதலில் புரட்டுவது சொத்து விவரத்தை அல்ல, கெடு எழுதியிருக்கும் பக்கத்தை. மூன்றாம் பக்கத்தின் அடியில் இப்படி இருந்தது:

"2-வது பார்ட்டியானவர் மார்ச் மாதம் 10-ந் தேதிக்குள் தவணைத் தொகை ரூ.10,00,000-ஐ 1-வது பார்ட்டிக்குச் செலுத்திவிட வேண்டியது. மேற்படி தொகையைக் கொண்டு 1-வது பார்ட்டியானவர் வங்கிக் கடனை மார்ச் 31-க்குள் நேர்செய்து அசல் பத்திரங்களை மீட்க வேண்டியிருப்பதால், மேற்படி தவணையைப் பொறுத்துக் காலமே இவ்வொப்பந்தத்தின் சாரமாகும். தவறினால் 1-வது பார்ட்டி இவ்வொப்பந்தத்தை ரத்து செய்துகொள்ள வேண்டியது."

படித்துவிட்டு நிமிர்ந்தேன். "சார், மார்ச் 10 அன்று பணம் கொடுத்தீர்களா?"

"25-ந் தேதி மூன்று லட்சம் அனுப்பினேன் தம்பி."

அவர் எனக்குப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். தேதி தப்பினால் மதிப்பெண்ணைக் குறைத்தவர். அவரிடம் போய், பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே உள்ள பதினைந்து நாட்கள் என்ன செய்துவிட்டன என்று விளக்கவேண்டி வந்தது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அன்று மாலை அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவர் அனுமதி கொடுத்துவிட்டார். ஊர், பெயர் எதுவும் போடவில்லை.

விவரம் இதுதான். ஊருக்கு மேற்கே 9 சென்ட் மனை. சென்ட் 4 லட்சம், மொத்தம் 36 லட்சம். விற்பவர் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. ஜனவரி 10 அன்று ஒப்பந்தம் பதிவானது. அன்றே 5 லட்சம் முன்பணம். மார்ச் 10-க்குள் 10 லட்சம். மீதி 21 லட்சத்தை ஜூலை 10-க்குள் கொடுத்துக் கிரயம் செய்துகொள்ள வேண்டும். அண்ணாச்சியின் பத்திரங்கள் வங்கியில் அடமானத்தில் இருந்தன. மார்ச் 31-க்குள் கட்டினால் வட்டியில் கொஞ்சம் தள்ளுபடி செய்வதாக வங்கி சொல்லியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பத்து லட்சம்.

மார்ச் முதல் வாரத்தில் பக்கத்து மனைக்காரர் வேலி விஷயமாக ஏதோ முணுமுணுத்திருக்கிறார். சார் உடனே, "அளந்து கல் நட்டுக் கொடுங்கள், பிறகு பணம் தருகிறேன்" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். பத்தாம் தேதி போனது. பதினோராம் தேதி காலையில் அண்ணாச்சியிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி: "சார், நேற்றோடு கெடு முடிந்தது. 15-ந் தேதிக்குள் வந்தால் வாங்கிக்கொள்கிறேன். 31-க்குள் வங்கியில் கட்ட வேண்டும்." சார் அதற்குப் பதில் போடவில்லை. 25-ந் தேதி வங்கி வழியாக மூன்று லட்சம் அனுப்பினார். 28-ந் தேதி அதே மூன்று லட்சம் அவர் கணக்குக்குத் திரும்பி வந்தது. கூடவே வக்கீல் நோட்டீஸ்: ஒப்பந்தம் ரத்து.

"ரத்து என்று அவராகச் சொன்னால் ஆகிவிடுமா? பதிவு செய்த ஒப்பந்தம் ஆயிற்றே" என்பதுதான் சாரின் கேள்வி.

இந்தியாவில் இதற்கான விடை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில், 55-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் ஒன்றைச் செய்வதாக ஒருவர் ஒப்புக்கொண்டு தவறினால், காலம்தான் முக்கியம், அதாவது காலமே ஒப்பந்தத்தின் சாரம் என்பது இருவரின் எண்ணமாகவும் இருந்திருந்தால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை எதிராளிக்கு வருகிறது. இருவரின் எண்ணம் அதுவல்ல என்றால் ஒப்பந்தம் முறியாது. தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்தை மட்டும் கேட்கலாம். கெடு தவறிய அந்த நிமிடமே ஒப்பந்தம் தானாகச் செத்துவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை உயிரோடு வைப்பதா முடிப்பதா என்று தீர்மானிக்கும் சாவி எதிராளியின் கைக்குப் போகிறது. மார்ச் 11 காலையில் அந்தச் சாவி அண்ணாச்சியின் சட்டைப்பையில் இருந்தது. அவர் 15-ந் தேதி வரை அதைத் திருப்பவில்லை. 28-ந் தேதி திருப்பினார்.

நிலம் வாங்கி விற்பதில் ஒரு பழைய வழக்கம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. 1915-இல், அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு பம்பாய் வழக்கில் சொன்னதை நம் நீதிமன்றங்கள் இன்றுவரை எடுத்துச் சொல்கின்றன: நில விற்பனை ஒப்பந்தத்தில் பொதுவாகக் காலம் சாரம் அல்ல. தேதி எழுதியிருந்தாலும், தவறினால் ரத்து என்று எழுதியிருந்தாலும், கொஞ்சம் தாமதம் ஆனதற்காக வாங்குபவரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அதன் கருத்து. எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் அத்தனை பேரும் "காலமே சாரம்" என்ற வரியைக் காப்பி அடித்து எழுதுகிறார்கள் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். அரசு ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் இதையே வேறு விதமாகச் சொன்னது: அந்த வரி எழுதியிருக்கிறது என்பதால் மட்டும் காலம் சாரமாகிவிடாது. அதே ஒப்பந்தத்தில் நீட்டிப்புக்கு இடம் இருக்கிறதா, தாமதத்துக்கு அபராதம் விதிக்கும் விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அபராதம் கட்டித் தாமதிக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, தாமதித்தால் முடிந்தது என்று அடுத்த பக்கத்தில் எழுதினால் எதை நம்புவது?

ஆகவே அந்த வரி வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம், கத்தியாகவும் இருக்கலாம். எது என்பதை அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள்தான் சொல்லும். சாரின் ஒப்பந்தத்தில் அது கத்தி. காரணம் "வங்கிக் கடனை மார்ச் 31-க்குள் நேர்செய்து" என்ற சொற்கள்.

இந்த இடத்தில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சாரதாமணி கந்தப்பன் வழக்கின் தீர்ப்பைச் சாரிடம் எடுத்துக்காட்டினேன். தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. 1981 ஜனவரியில் போட்ட ஒப்பந்தம். மொத்த விலை 3,75,000 ரூபாய். ஒரு லட்சம் முன்பணம். மீதி மூன்று தவணை: பிப்ரவரி 28-க்குள் ஒரு லட்சம், ஏப்ரல் 6-க்குள் ஒரு லட்சம், மே 30-க்குள் 75,000. உரிய தேதியில் பணம் கொடுப்பதே ஒப்பந்தத்தின் சாரம் என்றும், தவறினால் விற்பவர் ரத்து செய்யலாம் என்றும் ஒரு பத்தி. ஏப்ரல் தவணை கெடுவுக்குள் வரவில்லை. வாங்குபவர் தரப்பின் வாதம், பத்திரங்களைக் காட்டி உரிமையைத் திருப்திப்படுத்த வேண்டியது விற்பவரின் கடமை, அதைச் செய்யாமல் பணம் கேட்க முடியாது என்பது. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் ஒப்பந்தத்தின் பத்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வாங்குபவரின் திருப்தியோடு கட்டப்பட்டிருந்தது கிரயப் பத்திரம் எழுதுவது. தவணை அதோடு கட்டப்படவில்லை. அது தேதியோடு மட்டுமே கட்டப்பட்டிருந்தது. பணம் கொடுக்கும் தேதிகள் சாரம், கிரயம் எழுதும் காலம் சாரம் அல்ல. ஒரே காகிதத்தில் இரண்டு வகைக் கெடு.

அந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. எப்போது பணம் கொடுக்கும் தேதியைச் சாரமாகக் கொள்ளலாம் என்பதற்கு அவர் உதாரணம் சொல்கிறார்: விற்பதற்கான காரணத்தையும், அந்தத் தேதி ஏன் வேண்டும் என்பதையும் விற்பவர் ஒப்பந்தத்திலேயே சொல்லியிருந்தால். ஒரு கடனைக் குறிப்பிட்ட தேதிக்குள் அடைக்க வேண்டும், வீட்டில் ஒருவருக்கு மருத்துவச் செலவு இருக்கிறது என்பது போல. சார் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, தன் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தை மறுபடி ஒரு முறை படித்தார். எதுவும் பேசவில்லை.

"ஆனால் கல் நட வேண்டியது அவர்தானே?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

இது நல்ல கேள்வி. கெடு வழக்குகளில் பாதி இந்தக் கேள்வியில்தான் திரும்புகிறது. எதிராளி முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால், நான் தாமதித்தேன் என்று அவர் சொல்ல முடியாது. யார் முதலில், யார் பிறகு என்பதை ஒப்பந்தம் சொன்னால் அந்த வரிசைப்படிதான் நடக்க வேண்டும். நான்காம் பக்கத்தைத் திருப்பினேன். "கிரயத்துக்கு முன்பாக 1-வது பார்ட்டியானவர் சொத்தை அளந்து நான்கு எல்லைகளுக்கும் கல் நட்டுக் கொடுக்க வேண்டியது." கிரயத்துக்கு முன்பாக. அதாவது ஜூலை 10-க்கு முன்பாக. "தவணைக்கு முன்பாக" என்று ஒரு சொல் மாறியிருந்தால் அண்ணாச்சியின் நோட்டீஸ் குப்பைக்குப் போயிருக்கும். கல் நடாதவர் பணம் கேட்க முடியாது. பணம் கேட்க முடியாதவருக்குக் கெடுவும் கிடையாது.

பத்திர எழுத்தரிடம் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது யார் என்று கேட்டேன். "நான்தான்" என்றார் சார். எப்போது என்பதை அவர் யோசிக்கவில்லை. எழுத்தர் தன் கையில் இருந்த பழைய மாதிரியில் எப்படி இருந்ததோ அப்படியே தட்டச்சு செய்துவிட்டார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்குப் பத்து ஒப்பந்தம் எழுதுபவருக்கு "முன்பாக" என்பது எதற்கு முன்பாக என்று கேட்க நேரம் எங்கே?

வரிசை பற்றிய சட்டம் உறுதியானது டெல்லியில் எழுந்த சந்த் ராணி வழக்கில். 1971 ஆகஸ்டில் ஒரு வீட்டை 1,78,000 ரூபாய்க்கு விற்கும் ஒப்பந்தம். 30,000 முன்பணம். அடுத்து 98,000 ரூபாயைப் பத்து நாட்களுக்குள் மட்டும் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாங்குபவர், முதலில் வருமான வரிச் சான்று வாங்கி வாருங்கள், பிறகு பணம் என்றார். 1992-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு வாங்குபவருக்கு எதிராகத் தீர்த்தது. அந்தத் தொகை வேறு எதற்கும் நிபந்தனையாகக் கட்டப்படவில்லை. "மட்டும்" என்ற சொல் சும்மா வந்து உட்காரவில்லை. நில ஒப்பந்தத்தில் காலம் பொதுவாகச் சாரம் அல்ல என்ற பழைய வழக்கத்தை அந்த அமர்வு தூக்கி எறியவில்லை. அதை ஏற்றுக்கொண்டே, இந்தக் குறிப்பிட்ட தொகைக்கு அது பொருந்தாது என்றது. காலம் சாரம் இல்லாத ஒப்பந்தத்திலும் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தக் கடைசி வாக்கியத்துக்கே பிறகு திரும்ப வருகிறேன்.

இப்போது அந்த மூன்று லட்சம். சாருக்கு மிச்சமிருந்த ஒரே கதவு அதுதான்.

கெடு தவறிய பிறகு எதிராளி பணத்தை வாங்கி வைத்துக்கொண்டால், முறிக்கும் உரிமையை அவர் கைவிட்டதாக ஆகும். "பரவாயில்லை சார், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாலும், அடுத்த மாதம் வாருங்கள் என்று இரண்டு முறை அலையவிட்டிருந்தாலும், அந்தக் கத்தி மழுங்கிவிடும். 55-ஆவது பிரிவின் கடைசிப் பகுதி இதை இன்னும் இறுக்குகிறது: தாமதமான நிறைவேற்றலை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும்போதே நஷ்ட ஈடு கேட்பேன் என்று நோட்டீஸ் கொடுக்காவிட்டால், பிறகு அதையும் கேட்க முடியாது. விற்பவர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இது. கோபத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மறுவாரம் வந்த பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

அண்ணாச்சி வழுக்கவில்லை. மூன்று நாளில் பணத்தைத் திருப்பினார். அதற்குள் மைத்துனரிடம் கைமாற்று வாங்கி வங்கிக் கடனை அடைத்தும்விட்டார். அவருடைய வாட்ஸ்அப் செய்தியைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 15-ந் தேதிக்குள் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றால் அவகாசம் கொடுத்துவிட்டார்தானே, அப்போது 10-ந் தேதி சாரம் இல்லை என்று வாதாடலாமே? வாதாடலாம். கெடுவைத் தளர்த்தியிருப்பதே அது அவ்வளவு முக்கியம் அல்ல என்று காட்டுகிறது என்ற தீர்ப்புகளும் உண்டு. ஆனால் இங்கே அவர் தளர்த்தியது ஐந்து நாள், திட்டவட்டமான ஒரு தேதிக்கு. காரணத்தையும் அதே செய்தியில் மறுபடி சொல்லியிருக்கிறார். கெடு இடம் மாறியது, இல்லாமல் போகவில்லை என்றுதான் எந்த நீதிபதியும் படிப்பார். புதிய கெடுவும் தவறிப் பத்து நாள் கழித்து, அதுவும் பத்தில் மூன்று.

"ஏன் மூன்று சார்? ஏன் 25?"

இந்தக் கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து லட்சமும் வைப்புத்தொகையாக வங்கியில் இருந்தது. அது முதிர்வது மார்ச் 22. முன்கூட்டி எடுத்தால் வட்டியில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூபாய் போகும். அதற்குள் பக்கத்து மனைக்காரர் முணுமுணுத்தது வசதியாகப் போயிற்று. 22-ந் தேதி பணம் கைக்கு வந்ததும், முழுவதையும் கொடுப்பானேன், கல் நடட்டும் என்று மூன்றை மட்டும் அனுப்பினார்.

இதைச் சாட்சிக் கூண்டில் சொல்ல வைக்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அரைமணி நேரம் போதும். வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் தாக்கல் செய்யச் சொல்வார். மார்ச் 10 அன்று சேமிப்புக் கணக்கில் இருந்தது ஒரு லட்சத்துச் சொச்சம்.

சொன்னதைச் சொன்னபடி செய்து தரக் கட்டளையிடுங்கள் என்று கேட்கும் வழக்குக்கு எங்கள் நீதிமன்றத் தமிழில் அழகான ஒரு பெயர் உண்டு: ஏற்றதை ஆற்றுக. யார் வைத்தார்களோ தெரியாது, பழம்பாட்டு வரி போல இருக்கிறது. நஷ்ட ஈடு வேண்டாம், அந்த மனையே வேண்டும் என்பவர் கேட்க வேண்டிய பரிகாரம் அது. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் என்று நாங்கள் சொல்லும் 1963-ஆம் ஆண்டுச் சட்டம், 16-ஆவது பிரிவில், இதற்கு ஒரு வாசல்படி வைத்திருக்கிறது. தன் பங்கைச் செய்ய வாதி எப்போதும் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்தார் என்று காட்ட வேண்டும். 2018-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தப் பரிகாரம் தருவதும் தராததும் நீதிபதியின் விருப்புரிமை என்ற பழைய நிலை மாறிவிட்டது. ஆனால் இந்த வாசல்படி அப்படியே இருக்கிறது. நிரூபிக்காதவருக்குப் பரிகாரம் இல்லை.

தயார் என்பதும் விருப்பம் என்பதும் ஒன்று போலத் தோன்றும். நீதிமன்றம் அவற்றைத் தனித்தனியாக எடை போடும். தயார் என்றால் பணம் திரட்டும் சக்தி. அதை ரொக்கமாகக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றில்லை. வைப்புத்தொகை இருந்தாலும் போதும். நீதிமன்றம் சொன்னாலொழிய வழக்குப் போடும்போது பணத்தைக் கட்ட வேண்டியதும் இல்லை. விருப்பம் என்பதை நடத்தையில் பார்ப்பார்கள். கடிதம் எழுதினாரா, வங்கிக்கு அழைத்தாரா, பணத்தை நீட்டினாரா? சார் தயார்தான். பத்து லட்சம் இருந்தது. பத்தாயிரம் ரூபாய் வட்டிக்காக அதைத் தொடவில்லை என்பதால் விருப்பம்தான் காணோம். வைப்புத்தொகை ரசீது அவருக்கு ஆதரவான சாட்சியாகத் தொடங்கி எதிரான சாட்சியாக முடியும்.

அவர் தவறியது மார்ச் 10-ஆக இல்லாமல் ஜூலை 10-ஆக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். அப்போது கதை வேறு. கிரயம் எழுதும் தேதிக்குச் சாரம் என்ற சொல்லும் இல்லை, காரணமும் இல்லை. பதினைந்து நாள் தாமதம் ஒன்றும் செய்யாது. அண்ணாச்சிக்குப் பொறுமை போனால், நியாயமான ஓர் அவகாசம் கொடுத்து, இந்தத் தேதிக்குள் வந்து கிரயம் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று நோட்டீஸ் அனுப்ப வேண்டும். முதலில் சாரமாக இல்லாத காலத்தை அப்படி ஒரு நோட்டீஸால் சாரமாக்கலாம். அவகாசம் உண்மையிலேயே போதுமானதாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை நோட்டீஸ், புதன்கிழமை கெடு என்றால் நிற்காது.

இந்த இடத்தில்தான் பலர் வேறொரு குழியில் விழுகிறார்கள். காலம் சாரம் இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டாரே என்று தூங்கிவிடுகிறார்கள். காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அதனால் மூன்று வருடமும் தன்னுடையது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது மதுரை வீடு ஒன்று. கே.எஸ். வித்யானந்தம் வழக்கு என்று சொல்வோம். 1978 டிசம்பர் 15 அன்று ஒப்பந்தம். விலை 60,000, முன்பணம் 5,000, ஆறு மாதக் கெடு. முத்திரைத்தாள் வாங்கி, மீதிப் பணத்தோடு வந்து கிரயம் எழுதக் கேட்க வேண்டியது வாங்குபவர். ஆறு மாதம் போனது. இரண்டு வருடமும் போனது. முத்திரைத்தாளும் வாங்கவில்லை, கடிதமும் போடவில்லை. 1981 ஜூலையில்தான் நோட்டீஸ் வந்தது. அதற்குள் மதுரையில் வீட்டு விலை பல மடங்காகிவிட்டிருந்தது.

1997-இல் உச்ச நீதிமன்றம் வாங்குபவருக்கு வீட்டைத் தர மறுத்தது. காலம் சாரம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஆறு மாதம் என்று எழுதியதற்கு ஏதோ ஓர் அர்த்தம் இருக்க வேண்டும் அல்லவா என்பது நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டியின் வாதம். நகரத்துச் சொத்தின் விலை 1973-க்குப் பிறகு எப்படி ஏறியிருக்கிறது என்பதை அறியாதவர் போல நீதிமன்றம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஐயாயிரத்தைக் கொடுத்துவிட்டு இரண்டரை வருடம் விலை ஏறுவதை வேடிக்கை பார்த்தவர், பழைய விலையில் வீட்டைக் கேட்பது நியாயம் அல்ல. சந்த் ராணி வழக்கின் "நியாயமான காலம்" என்ற அந்தக் கடைசி வாக்கியத்துக்கு இங்கேதான் பல் முளைத்தது. 1915-இல் விலை நிலையாக இருந்த காலத்தில் பிறந்த விதி, விலை ஓடும் காலத்தில் அப்படியே பொருந்தாது என்று 2011 தீர்ப்பும் வெளிப்படையாகச் சொன்னது. என் பார்வையில் இந்த நகர்வு சரிதான். பழைய விதியின் நிழலில் சின்ன முன்பணம் கொடுத்துப் பெரிய மனைகளைப் பிடித்து வைத்திருந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிலருக்காக வாதாடியும் இருக்கிறேன்.

சாருக்கு வழக்குப் போடும் ஆசை இருந்தது. கணக்கைச் சொன்னேன். நீதிமன்றக் கட்டணம் மொத்த விலையில் 3 சதவீதம். 36 லட்சத்துக்கு 1,08,000 ரூபாய். அண்ணாச்சியின் ரத்து நோட்டீஸ் செல்லாது என்று அறிவிக்கும்படியும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் விட்டதற்காக வழக்கே நிற்காது என்று சொன்ன 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பின்னால் வந்த தீர்ப்புகள் அதைக் கொஞ்சம் தளர்த்தினாலும், தெரிந்தே அந்த வம்பை ஏன் வாங்க வேண்டும்? மனை கிடைக்காவிட்டால் முன்பணமாவது வேண்டும் என்று மாற்றுப் பரிகாரமும் கேட்க வேண்டும். கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது என்று 22-ஆவது பிரிவு சொல்கிறது. இத்தனையும் செய்து, சாட்சிக் கூண்டில் வைப்புத்தொகை பற்றிய அந்த அரைமணி நேரத்தையும் தாண்ட வேண்டும்.

"போடாதீர்கள்" என்றேன்.

"ஐந்து லட்சம் போய்விடுமா?"

ஒப்பந்தம் அப்படித்தான் சொன்னது: தவறினால் முன்பணத்தை இழந்துவிட வேண்டியது. ஆனால் சாரின் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. ஒப்பந்தம் பதிவானது. வில்லங்கச் சான்று போட்டால் அந்த மனையில் அது முதல் வரியாக வரும். அண்ணாச்சி அடுத்த ஆளுக்கு விற்க வேண்டுமானால், இரு தரப்பும் கையெழுத்திட்ட ரத்துப் பத்திரம் பதிவாக வேண்டும். வாங்க வருபவர் அதைக் காட்டச் சொல்வார். சட்டப்படி அண்ணாச்சி ஜெயிப்பார்தான். ஜெயிக்க எத்தனை வருடம் ஆகும் என்பது வேறு கேள்வி, அது அவருடைய வக்கீலுக்கும் தெரியும். நான் அந்த வக்கீலிடம் நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் பேசினேன். இரண்டு டீ, இருபது நிமிடம். நாலரை லட்சம் திரும்ப வருவதாக முடிந்தது. ஐம்பதாயிரம் அண்ணாச்சியின் கைமாற்று வட்டிக்கு.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிவானது. அண்ணாச்சி சாருக்கு வணக்கம் சொன்னார். அவருடைய மகனும் சாரிடம் படித்தவன்தானாம். புதிதாக வாங்குபவரும் உடன் வந்திருந்தார். சென்ட் 5 லட்சம் என்று பேசியிருந்தார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் அதே பத்திர எழுத்தர் புது ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கையெழுத்தும் கைரேகையும் முடித்துக்கொண்டு வந்த சார், அவர் பின்னால் நின்று திரையில் ஓடிய வரிகளைச் சற்று நேரம் படித்தார். பிறகு குனிந்து, விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, இங்கே 'கிரயத்துக்கு முன்பாக' என்று போட்டிருக்கிறீர்களே, இதை அவரிடம் கேட்டீர்களா?"

எழுத்தர் நிமிர்ந்து புதிதாக வாங்குபவரைப் பார்த்தார். அவர் கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.